ஏப்ரல் மாத வட்டி ரூ. 872.46 அதிகம்: திருத்தக் கோரிக்கை

தேதி: 06.06.2025

பெறுநர்
கிளை மேலாளர், கடன் பிரிவு

பொருள்: 4417 என முடியும் கடன் கணக்கில் 30.04.2025 அன்று பற்று வைத்த வட்டி

ஐயா / அம்மா,

கடன் ஒப்பந்தத்தின்படி வட்டி ஆண்டுக்கு 9.65%. அன்றன்றைய அசல் நிலுவைக்கு, 365 நாள் கணக்கில் போட வேண்டும். ஏப்ரல் 1 அன்று அசல் ரூ. 8,41,326. ஏப்ரல் 9 அன்று அசலில் கழிக்க ரூ. 1,50,000 கட்டினேன். தங்கள் வங்கியிலேயே உள்ள என் சேமிப்புக் கணக்கிலிருந்து மாற்றிய பணம் அது. காசோலை இல்லாததால் கிளியரிங் தாமதத்துக்கு இடமில்லை. ஸ்டேட்மென்டிலும் அதே தேதியில்தான் வரவு உள்ளது.

ஆனால் ஏப்ரல் வட்டி ரூ. 6,672.98 என்று போட்டிருக்கிறீர்கள். இதை 365-ஆல் பெருக்கி, 30 நாளாலும் 0.0965-ஆலும் வகுத்துப் பாருங்கள். பைசா முழுமையாக்கலில் வரும் சில காசு வித்தியாசம் போக, பழைய அசல் 8,41,326 அப்படியே வரும். அதாவது, கட்டிய ஒன்றரை லட்சத்துக்கும் மாதக் கடைசி வரை வட்டி ஓடியிருக்கிறது.

சரியான கணக்கு:

ஏப்ரல் 1 முதல் 8 வரை, 8 நாள், ரூ. 8,41,326-க்கு: ரூ. 1,779.46
ஏப்ரல் 9 முதல் 30 வரை, 22 நாள், ரூ. 6,91,326-க்கு: ரூ. 4,021.06
மொத்தம்: ரூ. 5,800.52
அதிகப் பற்று: ரூ. 872.46

பணம் கட்டிய நாளையும் பழைய அசலில் சேர்ப்பதுதான் தங்கள் வழக்கம் என்றால், 9 நாள், 21 நாள் என்று பிரித்தாலும் ரூ. 832.81 அதிகம்தான். அப்படியானால் அந்த விதி ஒப்பந்தத்தில் எங்கே உள்ளது என்று காட்டவும்.

இந்தத் தவறு ஏப்ரலோடு நிற்கவில்லை. ஏப்ரல் 30 அன்று பிடித்த தவணை ரூ. 18,500-இல் வட்டி போக அசலுக்கு ரூ. 12,699.48 சேர்ந்திருக்க வேண்டும், சேர்ந்தது ரூ. 11,827.02. அதனால் மே வட்டி ரூ. 5,561.95-க்குப் பதில் ரூ. 5,569.10 ஆனது. மே வட்டியைச் சேர்த்து, அதே தொகைத் தவணையைக் கழித்தபின் மே 31 நிலுவை தங்கள் அறிக்கையில் ரூ. 6,66,568.08, இருக்க வேண்டியது ரூ. 6,65,688.47. வித்தியாசம் ரூ. 879.61. மே வட்டியைக் குறைந்த அசலுக்கே போட்டிருப்பதால், பணம் வந்ததில் தங்களுக்கும் சந்தேகமில்லை என்று தெரிகிறது.

எனவே ரூ. 879.61-ஐ 31.05.2025 மதிப்புத் தேதியிட்டு அசலில் வரவு வைத்து, திருத்திய ஸ்டேட்மென்டும் மீதித் தவணை அட்டவணையும் அனுப்பவும். இந்தத் தொகையை என் சேமிப்புக் கணக்குக்குத் திருப்ப வேண்டாம். அப்படிச் செய்தால் கடன் நிலுவை தவறாகவே நிற்கும். ஜூன் 30 வட்டி போடுமுன் திருத்தாவிட்டால் இன்னொரு மாத வட்டியும் சேரும். என் கணக்கு தவறென்று கருதினால், எந்த நாளில் எந்த அசலுக்கு வட்டி போட்டீர்கள் என்ற நாள்வாரி விவரத்தை எழுத்தில் தரவும்.

இணைப்பு: ஏப்ரல், மே ஸ்டேட்மென்ட், ஏப்ரல் 9 பணமாற்ற ரசீது, ஒப்பந்தத்தின் வட்டிப் பக்கம்.

இப்படிக்கு,
கடன்தாரர்
(கணக்கு முடிவு 4417)