வெறும் வயிற்றோடு பஸ்ஸுக்கு நிற்கிறீர்களா?

அடுத்த தடவை நிற்க வேண்டாம். பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க லேபிலிருந்து நாங்களே வீட்டுக்கு வருகிறோம்.

தினமும் காலை 6 மணி முதல் 11 மணி வரை. ஞாயிறும் உண்டு.
முன்தினம் இரவு 9 மணிக்குள் சொன்னால் போதும்.
வீட்டுக்கு வருவதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

பக்கத்தில் இருக்கும் க்யூஆர் கட்டத்தை போன் கேமராவில் காட்டுங்கள். வாட்ஸ்அப் திறக்கும். ‘வீடு’ என்று ஒரே ஒரு சொல் அனுப்புங்கள், மீதியை நாங்கள் கேட்டுக்கொள்கிறோம். டாக்டர் எழுதிய சீட்டு இருந்தால் அதைப் படம் எடுத்து அனுப்பலாம். கையெழுத்து புரியவில்லையே என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம், அது எங்கள் பாடு.

பஸ் வந்துவிட்டதா? ஏறுங்கள். இவ்வளவு தெரிந்தால் போதும்.

இன்னும் வரவில்லையா? சரி, படியுங்கள்.

வெறும் வயிறு என்றால் எவ்வளவு நேரம்? சர்க்கரைக்குக் குறைந்தது 8 மணி நேரம். கொழுப்புப் பரிசோதனைக்கு டாக்டர் வெறும் வயிறு என்று சொல்லியிருந்தால் 9 முதல் 12 மணி நேரம். தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். குடித்தால் எங்களுக்கும் நல்லது, நரம்பு சீக்கிரம் கிடைக்கும். “சர்க்கரை போடாத காபிதானே?” என்று கேட்பவர்கள் உண்டு. அதுவும் வேண்டாம். நேற்று மதியத்திலிருந்தே ஒன்றும் சாப்பிடவில்லை என்று பெருமையாகச் சொல்பவர்களும் உண்டு. அளவுக்கு மீறிப் பட்டினி கிடந்தாலும் முடிவு மாறும்.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைச் சொல்லும் ஹெச்பிஏ1சி, ரத்த அணுக்களின் எண்ணிக்கை, தைராய்டு இவற்றுக்குப் பட்டினியே தேவையில்லை. தெரியாமல் கிடந்துவிட்டு மயக்கத்தோடு கதவைத் திறப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் மட்டும், அன்றைய மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் அதையும் எங்களிடம் சொல்லுங்கள். சில தைராய்டு பரிசோதனைகளின் முடிவை அது புரட்டிப் போட்டுவிடும்.

சாப்பிட்ட பின் சர்க்கரை பார்க்க வேண்டுமா? 2 மணி நேரம் என்பது முதல் வாய் வைத்ததிலிருந்து, கை கழுவியதிலிருந்து இல்லை. அந்த 2 மணி நேரமும் லேப் நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டாம். எங்கள் ஆள் திரும்பி வருவார்.

“வீட்டில் எடுத்த ரத்தம் லேபுக்கு வருவதற்குள் கெட்டுப்போகாதா?”

நல்ல கேள்வி. கவனமில்லாமல் கொண்டுவந்தால் கெட்டுப்போகும்.

டியூபுக்குள் போன பிறகும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அவை சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சும்மா வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். சர்க்கரை அதிகம் உள்ளவருக்கு ‘நார்மல்’ என்று ரிப்போர்ட் வர அது போதும். அதனால்தான் சர்க்கரைக்குச் சாம்பல் மூடி போட்ட டியூப். அதில் உள்ள ஃபுளோரைடு அந்தத் தின்னலை அடக்கும். ரத்தம் உறையாமல் இருக்க வேண்டிய பரிசோதனைகளுக்கு ஊதா மூடி. உறைய வேண்டியவற்றுக்குச் சிவப்பு அல்லது மஞ்சள் மூடி. எங்கள் ஆள் பெட்டியைத் திறக்கும்போது கலர் கலராக ஏன் என்று இனி நீங்களே வீட்டில் விளக்கலாம்.

அப்புறம் அந்தப் பெட்டி. உள்ளே குளிர் இருக்கும், ஆனால் டியூப் ஐஸைத் தொடாது. நிமிர்ந்து நிற்கும், குலுங்காது. சிவப்பணுக்கள் உடைந்தால் உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே வந்து, உங்கள் உடம்பில் இல்லாத ஒரு பிரச்சினையை ரிப்போர்ட்டில் காட்டும். எடுத்த 2 மணி நேரத்துக்குள் டியூப் எங்கள் லேபில் இருக்கும். அணுக்கள் உடைந்திருப்பது தெரிந்தால் அந்த எண்ணை அச்சடித்துத் தர மாட்டோம். மன்னிப்புக் கேட்டு, இன்னொரு முறை வந்து எடுப்போம், இலவசமாக.

வருபவர் என்ன செய்வார்?

“உங்கள் பெயர் இதுதானே?” என்று கேட்க மாட்டார். “உங்கள் பெயர் என்ன, பிறந்த தேதி என்ன?” என்றுதான் கேட்பார். காது மந்தமான பெரியவர்கள் எதைக் கேட்டாலும் தலையாட்டிவிடுவார்கள், அதற்காக. ரத்தம் எடுத்ததும் உங்கள் கண் முன்னாலேயே டியூபில் பெயர்ச்சீட்டு ஒட்டுவார். படித்துப் பாருங்கள். தப்பாக இருந்தால் அப்போதே சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஊசி புதியது, உறையை உங்கள் முன்னால்தான் பிரிப்பார். இரண்டு முறை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை என்றால் மூன்றாவது முறை முயல மாட்டார், அனுபவமுள்ள வேறொருவரை அனுப்புவோம். வழக்கமான பரிசோதனைகளுக்கு எடுப்பது 10 மில்லிலிட்டருக்குள், அதாவது இரண்டு டீஸ்பூன். பெரியவர் ஒருவர் உடம்பில் ஓடுவது கிட்டத்தட்ட 5 லிட்டர்.

எடுத்த பிறகு முழங்கையை மடக்காதீர்கள். பஞ்சை அழுத்திப் பிடித்துக் கையை நீட்டியே வையுங்கள். மடக்கினால் அந்த நீல வீக்கம் வர வாய்ப்பு அதிகம்.

முன்கூட்டியே சொல்ல வேண்டியவை: ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, டயாலிசிஸுக்கான கை எது, மார்பக அறுவை சிகிச்சை எந்தப் பக்கம் நடந்தது, ஊசியைக் கண்டால் தலை சுற்றுமா. தலை சுற்றும் என்றால் படுக்க வைத்தே எடுப்போம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எங்களால் வீட்டில் முடியாதவை

எக்ஸ்ரே, ஸ்கேன். எடுத்த உடனே பார்க்க வேண்டிய சில ரத்தப் பரிசோதனைகள். முக்கியமாக, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரென்று ஒரு பக்கம் கை கால் வராமல் போவது, இவற்றுக்கு எங்களைக் கூப்பிட வேண்டாம். நேராக மருத்துவமனைக்குப் போங்கள். பஸ்ஸுக்கும் காத்திருக்க வேண்டாம்.

ரிப்போர்ட்

வழக்கமானவை அன்று மாலை 6 மணிக்குள் உங்கள் போனுக்கு வரும். காகிதத்தில் வேண்டும் என்றால் காகிதத்திலும் உண்டு. சிறுநீரில் கிருமி வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு 2, 3 நாள் ஆகும். நாம் அவசரப்பட்டாலும் கிருமி அவசரப்படாது.

தடித்த எழுத்தில் ஒரு எண் இருந்தால் இரவு முழுக்க விழித்திருக்காதீர்கள். பெரும்பாலான பரிசோதனைகளில் ‘இயல்பான அளவு’ என்று அச்சிட்டிருப்பது ஆரோக்கியமானவர்கள் 100 பேரில் 95 பேரின் அளவு. மீதி 5 பேரும் ஆரோக்கியமானவர்கள்தான். உங்கள் எண் எந்த வகை என்று டாக்டர் சொல்லட்டும். உடனே கவனிக்க வேண்டிய அளவு என்றால் போனை எதிர்பார்த்து நீங்கள் உட்கார வேண்டியதில்லை, நாங்களே கூப்பிடுவோம்.

ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்கு: இந்த நிறுத்தத்துக்கு நேர் எதிரே, முதல் மாடியில், பச்சைப் பலகை. காலை 6 முதல் இரவு 9 வரை திறந்திருக்கும். முகவரியைச் சொல்லிவிட்டுப் போனால் போதும். படி ஏற முடியாதவர்கள் கீழே இருக்கும் அழைப்பு மணியை அழுத்துங்கள், இறங்கி வருவோம்.