இரவு 9.30-க்குப் போனை அணைத்துவிடு, தம்பி

தம்பி, இப்போது மணி 8.45. இன்று இரவு 9.30-க்கு உன் போன் அணைந்துவிட வேண்டும். 10 மணிக்கு நீ பாயில் இருக்க வேண்டும். இதைப் படித்து முடித்த பிறகும் அரை மணி நேரத்துக்கு மேல் மிச்சம் இருக்கும். யாருக்குப் பதில் சொல்ல வேண்டுமோ அதற்குள் சொல்லிவிடு. நாளை மழை உண்டா என்று பார்ப்பதையும் முடித்துக்கொள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி வைத்திருக்கிறேன், அதற்கு மட்டும் பதில் அனுப்பினால் போதும்.

முதல் நாள் என்பதால் காரணங்களையும் சேர்த்து எழுதுகிறேன். நாளை முதல் நேரமும் கேள்வியும் மட்டும்தான் வரும்.

காலை 4 மணிக்கு நீ எழுந்துதான் ஆக வேண்டும். அதை மாற்றச் சொல்ல மாட்டேன், ரப்பர் மரம் அதற்கு இணங்காது. வெயில் ஏற ஏற இலை வழியாக நீர் வெளியேறும், பட்டைக்குள் அழுத்தம் குறையும், ரப்பர் பால் சிரட்டையில் பாதிகூட நிறையாமல் நின்றுவிடும். இருட்டோடு பால்வெட்டுக்குப் போவதன் காரணம் இதுதான் என்று நமக்குச் சின்ன வயதிலேயே தெரியும். ஆகவே நம்மால் மாற்ற முடிந்தது படுக்கும் நேரம் ஒன்றுதான். வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். 11.30 வரை போனைப் பார்த்துவிட்டு 4-க்கு எழுந்தால் உனக்குக் கிடைப்பது நாலரை மணி நேரம். சோற்றுக்குப் பிறகு கண்ணயர்வது நல்லதுதான், ஆனால் வாரக்கணக்கில் சேர்ந்த கடனை அந்த அரை மணி நேரத்தால் அடைக்க முடியாது.

போன முறை ஊருக்கு வந்தபோது மேற்குச் சரிவில் இருக்கும் மரங்களைச் சுற்றிப் பார்த்தேன். நீ ரப்பர் ஷீட் அடிக்கப் போயிருந்தாய், அதனால் உன்னிடம் சொல்லவில்லை. வெட்டுக்கோட்டின் கீழ்முனையில், பால் இறங்கும் தகரத்துக்குச் சற்று மேலே, கத்தி ஆழமாக இறங்கிய காயங்கள் இருந்தன. ஒரு மரத்தில் உள்ளே கட்டை வெளுப்பாகத் தெரிந்தது. அதே வரிசையில் மேலே, அப்பா வெட்டி மறுபடியும் வளர்ந்த பட்டையைத் தடவிப் பார்த்தேன், ஒரு முண்டுகூடக் கையில் தட்டவில்லை. ஒரு மில்லிமீட்டரோ அதற்குக் கொஞ்சம் கூடுதலாகவோ பட்டையைச் சீவி எடுக்கிற வேலை இது. கட்டையைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் புதுப்பட்டை முடிச்சும் மேடுமாகத்தான் வளரும், பிறகு அங்கே சீராகக் கத்தி வைக்க முடியாது. அப்பாவிடம் தொழில் கற்றவன் நீ, உனக்கு வேலை தெரியாமல் இது நேரவில்லை. முந்நூறு மரத்தை நெற்றி விளக்கு வெளிச்சத்தில் வெட்டி முடிப்பதற்குள் தூக்கம் போதாத கை எங்கேயாவது ஓரிடத்தில் தடுமாறிவிடுகிறது.

மரத்தின் காயத்தைவிட எனக்குப் பெரிய பயம் உன் பைக். 4 மணிக்கு எழுந்து மதியம் கண்ணயராமல் இருந்த நாளில், இரவு 9 மணிக்கே நீ 17 மணி நேரம் விழித்திருந்தவன். அவ்வளவு நேரம் விழித்திருப்பவருக்குக் கவனமும் கைவேகமும் எந்த அளவுக்கு மந்தமாகும் என்று ஆய்வு செய்திருக்கிறார்கள். இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் நிலைக்கு அது சமம். நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் விடுகிற அளவே 0.03 சதவீதம்தான். நீ குடிக்காதவன் என்பதில் அம்மாவுக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியும். தூக்கம் கெட்ட உடம்போடு அந்த இறக்கத்தில், எதிரே லாரி வரும் வளைவில், அந்தப் பெருமை உன்னைக் காப்பாற்றாது. விடியற்காலையில் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்படும் பைக்காரர்களுக்குக் கட்டுப் போடுகிறவள் நான். அவர்களில் பலர் நீ போகும் நேரத்தில் வேலைக்குக் கிளம்பியவர்கள். அந்தக் கட்டிலில் உன்னைப் பார்க்க எனக்கு மனத்தெம்பு இல்லை.

போனைக் குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் கண்ணுக்குள் பார்வைக்கான செல்களோடு, வெளியே பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்காகவே சில செல்கள் இருக்கின்றன. நீல வெளிச்சம் பட்டால் அவை பகல் என்று சொல்லும். உடனே மெலடோனின் சுரப்பது தள்ளிப்போகும். இரவாகிவிட்டது என்று உடம்பு முழுவதற்கும் தெரிவிக்கிற சுரப்பு அது. நம் குமரி மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஆறு மணிக்கும் ஆறே முக்காலுக்கும் இடையில் சூரியன் மறைந்துவிடுகிறது. சீக்கிரம் படுத்துச் சீக்கிரம் எழ வேண்டிய உன்னைப் போன்றவர்களுக்கு அது பெரிய வசதி. போனை முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்துக்கொண்டு அந்த வசதியைக் கெடுத்துக்கொள்ளாதே.

திரையை மஞ்சளாக்கி வைத்திருப்பதாக நீ சொல்வாய். வெளிச்சம் கொஞ்சம் தணியும், சரி. ஆனால் ஒரு வீடியோ முடிவதற்குள் அடுத்தது ஓடத் தொடங்குகிறதே, அதற்கு மஞ்சள் திரையால் ஒன்றும் செய்ய முடியாது. சிரிப்பு, சண்டை, கிரிக்கெட், யாரோ ஒருவரின் விபத்து என்று மனம் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டே போகும். அதனால் வெளிச்சத்தைக் குறைத்துப் பயனில்லை, போனையே அணைக்கச் சொல்கிறேன். ரப்பர் விலை பார்க்க வேண்டும் என்றால் பகலில் பார். ராத்திரியில் அது ஏறவும் போவதில்லை, இறங்கவும் போவதில்லை.

இன்றே 8.30-க்கு அணைக்கச் சொல்லாததற்கும் காரணம் உண்டு. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் உடம்பு நன்றாக விழித்திருக்கும். அந்த நேரத்தில் வற்புறுத்திப் படுத்தால் புரண்டு புரண்டு வெறுத்துப்போய் மறுபடியும் போனை எடுத்துவிடுவாய். ஆகவே இன்று 9.30. நான்கு நாளுக்கு ஒரு முறை கால் மணி நேரம் முன்னால் நகர்த்துவோம், 8.30 வந்ததும் நிறுத்திக்கொள்வோம். அப்போது 9 மணிக்குப் படுத்து 4-க்கு எழுவாய், முழுதாக 7 மணி நேரம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை வெட்டு இல்லை என்று பொழுது ஏறும் வரை படுத்திருக்காதே. 5 மணிக்கு எழுந்துவிடு, தேவையானால் மதியம் படுத்துக்கொள்.

இனி 9.30-க்குச் செய்ய வேண்டியது. அலாரத்துக்குப் போன் வேண்டும் என்ற காரணம் இனிமேல் செல்லாது. மார்த்தாண்டத்தில் ஓர் அலாரம் கடிகாரம் வாங்கி நேற்று அம்மாவிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அதை 4 மணிக்கு வைத்து, எழுந்து போய் நிறுத்தும் தூரத்தில் ஜன்னல் திண்டில் வை. போனை அணைத்து அடுக்களையில் அரிசிப் பெட்டியின் மேல் வைத்துவிடு, அங்கேயே சார்ஜ் ஏறட்டும். அவசரம் என்றால் அம்மாவின் பட்டன் போனில் கூப்பிடுவேன், அது வழக்கம்போல் அவர் தலைமாட்டில் இருக்கும். ஆகவே யாராவது தேடுவார்களோ என்ற கவலை வேண்டாம்.

கத்தி தீட்டுவதும் நெற்றி விளக்குக்குச் சார்ஜ் போடுவதும் மாலையிலேயே முடியட்டும். 9.30-லிருந்து 10 வரை செய்வதற்கு வேலை ஒன்றும் வைக்காதே. பெரிய விளக்கை அணைத்துவிட்டுச் சின்ன விளக்கைப் போடு. கிணற்றடியில் கை கால் கழுவு. நாளைக்குப் போட வேண்டிய சட்டையை எடுத்து வை. என் மருமகள் இன்னும் தூங்காமல் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்துக் கதையைக் கேள். அப்பா போன் பார்க்கும் வரை தானும் விழித்திருப்பேன் என்று அவள் அடம் பிடிப்பதாக அம்மா சொன்னார். ஏழு வயதுப் பிள்ளைக்கு உன்னைவிட அதிகத் தூக்கம் வேண்டும். நீ அணைத்தால் அவளும் படுத்துவிடுவாள்.

ஷீட் அடித்துவிட்டு வந்து மாலை ஆறு மணிக்குக் குடிக்கிற கட்டன் சாயாவை நாளை முதல் நாலு மணிக்கு மாற்றிக்கொள். குடித்து ஐந்து மணி நேரம் ஆனாலும் அதில் உள்ள காஃபீனில் ஏறத்தாழ பாதி உடம்பில்தான் இருக்கும். ராத்திரி மரச்சீனியும் மீன்கறியும் தாராளமாகச் சாப்பிடு, எட்டு மணிக்குள் முடித்துவிடு, அவ்வளவுதான்.

படுத்து இருபது நிமிடம் போலாகியும் தூக்கம் வரவில்லை என்றால் பாயில் கிடந்து போராடாதே. எழுந்து திண்ணையில் இருட்டில் உட்கார், கண் சொக்கும்போது வந்து படு. மணி பார்க்காதே, அடுக்களைப் பக்கம் போகாதே. 4 மணிக்கு எழுந்து மழை பெய்வது தெரிந்தால், அன்று வெட்டு இல்லை என்றால், மறுபடியும் படுத்துக்கொள். அந்த நேரத்திலும் போனை எடுக்க வேண்டாம். விடியற்காலைத் தூக்கத்தில்தான் கனவுகள் நிறைந்த பகுதி அதிகம், உனக்கு நாள்தோறும் குறைந்துபோவதும் அதுவே.

ஒரு மாதம் இப்படிச் செய்தும் பகலில் தூக்கம் கண்ணை அழுத்தினாலோ, ராத்திரி குறட்டைக்கு நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று வீட்டில் சொன்னாலோ என்னிடம் சொல். அது வேறு விஷயம், மருத்துவரிடம் காட்ட வேண்டும். நாகர்கோவிலுக்கு வா, நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

நாளை முதல் இரவு 8.45-க்கு வரும் செய்தி இவ்வளவுதான்: “தம்பி, 9.30-க்குப் போனை அணை. கடிகாரத்தில் 4 மணி வை.” அதன் கீழே கேள்வி இருக்கும். நேரம் முன்னால் நகரும்போது எண் மட்டும் மாறும், செய்தியும் அதற்கேற்ப முன்னதாக வரும்.

கேள்விக்கு மணியை மட்டும் பதிலாக அனுப்பு, காரணம் எழுத வேண்டாம். 9.30-க்கு முன்னால் அனுப்பிவிடு. நான் சொன்ன நேரத்தைத் தாண்டுவதாக இருந்தாலும் உள்ளதையே அனுப்பு, அதற்காகத் திட்ட மாட்டேன். எனக்கு வேண்டியது சரியான மணி, அதை வைத்துத்தான் அடுத்த கால் மணி நேரத்தை எப்போது நகர்த்துவது என்று முடிவு செய்வேன்.

இன்று இரவு எத்தனை மணிக்குப் படுக்கப் போகிறாய்?

— அக்கா