பெரிய கண்மாய்: பஞ்சாலைக்கு எழுதிய மெயில் வரைவு பற்றி

தம்பிக்கு,

நம் ஊர்ப் பெரிய கண்மாயைச் சீரமைக்க உதவி கேட்டு ராஜபாளையம் பஞ்சாலைக்கு அனுப்ப நீ எழுதிய மெயில் வரைவை இரண்டு தடவை படித்தேன். கூட்டத்தில் பேசி வைத்த பட்டியல்படி தெளிவு, பொருத்தம், தொனி, கோரிக்கை நான்கையும் பார்த்தேன். இப்படியே அனுப்ப வேண்டாம். பொருத்தம் நன்றாக வந்திருக்கிறது. தெளிவு பாதி. தொனியில் இரண்டு இடத்தைத் திருத்த வேண்டும். கோரிக்கையைப் புதிதாகத்தான் எழுத வேண்டும், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

"கண்மாயைச் சீரமைக்கத் தங்களால் இயன்ற உதவியைச் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று முடித்திருக்கிறாய். இதைப் படிக்கிற, அந்த நிறுவனத்தின் சமூகப் பொறுப்புச் செலவைக் கவனிக்கும் சி.எஸ்.ஆர். பொறுப்பாளர் அடுத்து என்ன செய்வார் என்று யோசித்துப் பார். எவ்வளவு தொகை, எதற்கு, எப்போது என்று எதுவும் இல்லை. நல்ல மனசு உள்ளவராக இருந்தாலும் "அப்புறம் பார்க்கலாம்" என்று ஒதுக்கிவிடுவார். பணம் தருவது அவர் கையிலும் இல்லை. சி.எஸ்.ஆர். குழு ஆண்டுத் திட்டம் போட வேண்டும், அதற்கு இயக்குநர்கள் ஒப்புதல் தர வேண்டும். யாரையும் கேட்காமல் அவரே முடிவு செய்யக்கூடியது ஒரு காலை நேரம் கிளம்பி வந்து கண்மாயைப் பார்ப்பதுதான். அதைக் கேள். நாளும் நேரமும் நாமே சொல்லிவிட்டால் அவருக்கு வேலை குறையும். மொத்த மதிப்பீட்டை ஒரு வரியில் சொல்லி வை. அதில் அவர்கள் பங்கு எவ்வளவு என்பதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

காலமும் இதில் முக்கியம். இது பிப்ரவரி. ஏப்ரலில் புது நிதியாண்டு தொடங்கும். அடுத்த ஆண்டுத் திட்டத்தைப் பற்றி இப்போதுதான் பேச்சு நடக்கும். நமக்கும் கோடையில் கண்மாய் காய்ந்து கிடக்கும்போதுதான் மடையில் கை வைக்க முடியும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அடுத்த கோடைதான். மெயிலில் இதை ஒரே ஒரு வாக்கியமாகச் சேர்.

தெளிவில் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. இரண்டாம் பத்தியில் "100 ஏக்கருக்கும் மேல் பாசனம்" என்கிறாய், இணைப்பில் 84 ஏக்கர் என்று இருக்கிறது. சின்ன வித்தியாசம் என்று விட்டுவிடாதே. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு, அதாவது ஏறத்தாழ 100 ஏக்கருக்கு மேலே போனால் கண்மாய் நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியம். யாரிடம் அனுமதி வாங்கியிருக்கிறீர்கள் என்பதுதான் அவர்கள் கேட்கப்போகும் முதல் கேள்வி. ஒன்றிய அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம், அனுமதி இன்னும் வரவில்லை. அதை உள்ளபடியே எழுது. ஏழு இணைப்புகளையும் எடுத்துவிட்டு, உடைந்த மடையின் படம் ஒன்று, ஒரு பக்க மதிப்பீடு ஒன்று, இவை மட்டும் போதும். "உதவி வேண்டி" என்ற தலைப்பையும் மாற்று; அந்தத் தலைப்பில் அவருக்குத் தினமும் மெயில் வரும்.

பொருத்தத்தில் நீ நன்றாக யோசித்திருக்கிறாய். ஆயக்கட்டில் உள்ள மூன்று ஊர்களிலிருந்தும் ஆட்கள் மில் பஸ்ஸில் வேலைக்குப் போகிறார்கள் என்று எழுதியிருக்கிறாயே, அதை வேறு எந்த அமைப்பாலும் எழுத முடியாது. நிறுவனம் தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவே சொல்வதால் அவர்கள் குழுவில் எடுத்து வைக்கவும் அது உதவும். ஆனால் அந்த வரி ஐந்தாம் பத்தியில் கிடக்கிறது. "இரண்டாவது மடையில் ஷட்டர் போய்விட்டது, மண்மூட்டை அடுக்கித்தான் தண்ணீரைக் கட்டுகிறோம்" என்ற வரி அதற்கும் கீழே. வரைவிலேயே உயிருள்ள வரி அதுதான், அதை முதலில் வை. பாண்டியர் காலத்து ஏரிப் பாசனம் பற்றிய பத்தி எனக்குப் பிடித்திருந்தது, ஆனாலும் இங்கே வேண்டாம். அவர்கள் வரும்போது கரையில் நின்று நீயே சொல்.

தொனி. "கருணை உள்ளம் கொண்ட தங்கள் மேன்மைமிகு நிறுவனம்" என்று ஆரம்பித்து, மூன்றாம் பத்தியில் "லாபத்தில் 2 சதவீதம் தருவது உங்கள் சட்டக் கடமை" என்று போகிறாய். இரண்டையும் எடுத்துவிடு. முதலாவது நம்மைத் தாழ்த்துகிறது, இரண்டாவது அவர்களை மிரட்டுகிறது. தகவலும் முழுதாகச் சரியில்லை: முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம் என்பதுதான் கணக்கு. அதுவும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் நிகர சொத்து மதிப்போ விற்பனையோ லாபமோ உள்ள நிறுவனங்களுக்குத்தான். இதெல்லாம் அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அவருக்குத் தெரியாதது நம்மிடம் சி.எஸ்.ஆர்-1 பதிவு இருக்கிறது என்பது. அது இல்லாத அறக்கட்டளை மூலம் அவர்களால் செலவு செய்ய முடியாது. நீ அதை எழுதவே இல்லை!

நீ எழுதிய வரிகளை வைத்தே ஒரு வடிவம் செய்து பார்த்தேன்:

*தலைப்பு: பெரிய கண்மாய் இரண்டாவது மடை – பிப்ரவரி 21 சனிக்கிழமை காலை நேரில் பார்க்க அழைப்பு*

*ஐயா, வணக்கம்.*

*எங்கள் ஊர்ப் பெரிய கண்மாயின் இரண்டாவது மடையில் ஷட்டர் போய்விட்டது. மண்மூட்டை அடுக்கித்தான் தண்ணீரைக் கட்டுகிறோம். இந்தக் கண்மாயில் 84 ஏக்கர் பாசனம் பெறும் மூன்று ஊர்களிலிருந்தும் உங்கள் மில்லுக்கு ஆட்கள் வேலைக்கு வருகிறார்கள்.*

*மடையைச் சரிசெய்யவும், வரத்துக்காலில் மண்டிய சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்கவும், கரையைப் பலப்படுத்தவும் ரூ. 6,40,000 ஆகும் என மதிப்பிட்டிருக்கிறோம். இதில் ரூ. 90,000 ஊர்மக்கள் பங்கு. அனுமதி கேட்டு ஊராட்சி ஒன்றியத்தில் மனு கொடுத்திருக்கிறோம். கோடையில் தொடங்கினால் அக்டோபர் மழைக்கு முன் முடித்துவிடலாம். எங்கள் அறக்கட்டளைக்கு சி.எஸ்.ஆர்-1 பதிவு உள்ளது.*

*பிப்ரவரி 21 சனிக்கிழமை காலை 8 மணிக்கு நீங்கள் வந்து கண்மாயைப் பார்க்க முடியுமா? முக்கால் மணி நேரம் போதும். அந்த நாள் சரிப்படாவிட்டால் அடுத்த சனிக்கிழமையும் நாங்கள் அங்கேதான் இருப்போம்.*

*நன்றி.*

நான் எழுதியது கொஞ்சம் வறண்டிருந்தால் உன் பேச்சில் மாற்றிக்கொள், கடைசிப் பத்தியை மட்டும் தொடாதே. 84 ஏக்கர் என்பதை கிராம நிர்வாக அலுவலரிடமும், ரூ. 6,40,000 என்பதை நம் பொருளாளரிடமும் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள். செவ்வாய் காலை அனுப்பு. வெள்ளிக்குள் பதில் வராவிட்டால் மறுபடி மெயில் போடாமல் போனில் கூப்பிடு.

அக்கா