மண்டி பில் செயலி 4.2: மாங்காய் சீசன் அப்டேட்

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி மண்டிகளுக்கு

அப்டேட் போடும் முன், கட்டாயம்: திரையின் மேலே சிவப்பில் 'அனுப்பாத பில்' எண் தெரிந்தால், நெட் கிடைக்கும் இடத்தில் 'அனுப்பு' அழுத்துங்கள். எண் 0 ஆனபிறகே அப்டேட் போடவும். இல்லையென்றால் அந்த பில்கள் அழிந்துவிடும், எங்களாலும் மீட்க முடியாது.

போட்ட பிறகு: எடை மெஷினை புளூடூத்தில் மறுபடி ஒருமுறை இணைக்க வேண்டும். முதல் லோடு வரும் முன்பே செய்துவிட்டால் வரிசை நிற்காது.

மாறியது: ஒரே விவசாயி பெங்களூராவும் செந்தூராவும் கொண்டுவந்தால் இனி இரண்டு பில் வேண்டாம். ஒரே பில்லில் ரகவாரியாக எடையும் விலையும் போடலாம். இதுவரை மொத்த எடையில் கழிந்த கழிவு, இனி ஒவ்வொரு ரகத்திலும் தனியாகக் கழியும். எவ்வளவு கழிந்தது என்பது பில்லிலேயே அச்சாகும். இதைப் பலர் கேட்டிருந்தீர்கள். பழைய பில்கள் மாறாது.

இரவு 12 மணிக்குப் பின் போட்ட பில் முந்தைய நாள் கணக்கில் விழுந்த கோளாறும் சரியாகிவிட்டது.

இன்னும் சரியாகாதது: 2 அங்குல பிரிண்டரில் நீளமான பெயர் பாதியில் வெட்டுப்படுகிறது. இப்போதைக்குப் பெயரைச் சுருக்கிப் போடுங்கள்.

ஆண்ட்ராய்டு 8-க்குக் கீழுள்ள போன்களுக்கு இந்த அப்டேட் வராது. அவற்றில் 4.1 வழக்கம்போல் ஓடும்.