மூன்று முழு நாடாவும் ஒரு மிச்சத் துண்டும்: வட்ட அளவைகளுக்கான கழிவுப்பொருள் துணைக்கருவியும் வகுப்புத் திட்டமும்

பாடம்: கணக்கு, ஏழாம் வகுப்பு
அலகு: வட்டத்தின் சுற்றளவும் பரப்பளவும்
மாணவர்கள்: 36 பேர், நால்வர் கொண்ட 9 குழுக்கள்
நேரம்: 40 நிமிடப் பாடவேளைகள் நான்கு
தயாரிப்பு: முந்தைய வாரத்தில் இரண்டு மாலைகள்

ஏன் இதைத் தேர்ந்தெடுத்தேன்

சென்ற ஆண்டு இதே பாடத்துக்குக் கம்பளி நூலையும் பாட்டில் மூடிகளையும் கொடுத்து, சுற்றளவை விட்டத்தால் வகுக்கச் சொன்னேன். ஒரு மாணவனுக்கு 3.4 வந்தது. "புத்தகத்துல தப்பா போட்டிருக்கா மிஸ்?" என்று கேட்டான். "ஒழுங்கா அளந்து பாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த குழுவுக்குப் போய்விட்டேன். அன்று மாலை அதே நூலை எடுத்து நானே அளந்தேன். எனக்கும் அதே விடைதான். அவன் ஒழுங்காகத்தான் அளந்திருந்தான். பிழை நான் கொடுத்த நூலில் இருந்தது.

காரணம் எளிது. 2 மி.மீ. தடிமனுள்ள நூலை ஒரு மூடியைச் சுற்றிக் கட்டினால், நூலின் நடுக்கோடு மூடியின் விளிம்பிலிருந்து 1 மி.மீ. தள்ளி ஓடுகிறது. ஆரம் 1 மி.மீ. கூடினால் சுற்று 6 மி.மீ.க்குச் சற்று மேல் கூடும். 3 செ.மீ. விட்டமுள்ள மூடியின் உண்மையான சுற்றளவு 9.4 செ.மீ. நூலோ 10 செ.மீ. காட்டும். கம்பளி இழுவையும் சேர்ந்துகொண்டால் 3.4 வருவதில் வியப்பில்லை.

ஆகவே இந்த ஆண்டு நூல் கிடையாது, செய்தித்தாள் நாடாதான். தாளின் தடிமனைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை. அது இழுபடவும் செய்யாது. கருவி அழகாக இருக்க வேண்டும் என்று இப்போது நான் நினைப்பதில்லை. பிள்ளையின் கையில் வரும் எண்ணை அது கெடுக்காமல் இருந்தால் போதும்.

சேகரிப்பது

பழைய செய்தித்தாள், காலியான அட்டைப்பெட்டிகள், எழுதித் தீர்ந்த கட்டநோட்டுத் தாள்கள், பாட்டில் மூடிகள், டப்பா மூடிகள், பசைநாடா தீர்ந்த அட்டை வளையங்கள், கெட்டுப்போன குறுந்தகடுகள், உயரமான ஒரு பிளாஸ்டிக் டப்பா. வாங்க வேண்டியது பசை மட்டும். ஒவ்வொரு குழுவும் வெவ்வேறு விட்டமுள்ள மூன்று வட்டப் பொருள்களைக் கொண்டுவரும். 3 செ.மீ. முதல் 12 செ.மீ. வரை பரவலாகக் கிடைத்தால் நல்லது. குறுந்தகட்டின் விட்டம் சரியாக 12 செ.மீ. என்பதால் அதை எல்லாருக்கும் பொதுவான சோதனைப் பொருளாக வைத்துக்கொள்கிறேன்.

மூன்றை மட்டும் ஒதுக்கிவிடுகிறேன். வெட்டித் திறந்த தகர டப்பா மூடி கையைக் கிழிக்கும். மருந்துப் பாட்டில் மூடி வேண்டாம். மேலே அகன்று கீழே ஒடுங்கும் குவளையில் நாடா சரிவாக நழுவும். மற்றவை எல்லாம் கழுவிக் காயவைத்தே வகுப்புக்குள் வர வேண்டும்.

செய்யும் முறை

*விட்டப் பலகை.* இதில்தான் அதிகக் கவனம் தேவை. அளவுகோலை மூடியின் மேல் வைத்து விட்டம் பார்க்கும்போது, பிள்ளைகள் பெரும்பாலும் மையத்தைத் தவறவிட்டு ஒரு நாணைத்தான் அளக்கிறார்கள். நாண் விட்டத்தைவிடச் சிறியது. அதனால் விடை 3.14-ஐத் தாண்டிவிடுகிறது. சிலர் மூடியின் உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு அளப்பார்கள், அதிலும் இதே கதைதான்.

20 செ.மீ. நீளமுள்ள அட்டையை அடித்தளமாக எடுத்து, அதன் ஓர் ஓரத்தில் மூன்று அடுக்கு அட்டைத் துண்டை நெட்டுக்குத்தாக ஒட்ட வேண்டும். அதுதான் சுவர். சுவரின் உள்முகத்தில் சுழியம் விழும்படி, கட்டநோட்டுத் தாளில் மில்லிமீட்டர் குறித்த பட்டையை அடித்தளத்தில் ஒட்டவேண்டும். பெட்டியின் மூலையை வெட்டினால் செங்கோணம் தானாகவே கிடைக்கும். அது நகரும் கட்டை. மூடியைச் சுவரோடு ஒட்டி வைத்து, கட்டையைத் தள்ளி மூடியில் முட்டவிட்டால், கட்டையின் முகம் நிற்கும் இடம்தான் விட்டம். மையத்தைத் தேட வேண்டியதே இல்லை. குழுவுக்கு ஒன்றாக ஒன்பது தேவை. முதலில் ஒன்றைச் செய்து குறுந்தகட்டை வைத்துப் பார்ப்பேன். 12.0 காட்டவில்லை என்றால் பட்டை தள்ளி ஒட்டியிருக்கிறது என்று பொருள்.

*நாடாக்கள்.* செய்தித்தாளின் அச்சேறாத ஓரத்தை 6 மி.மீ. அகலத்தில் நேராக வெட்டினால் போதும். பொருளைச் சுற்றி, நாடா ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் குண்டூசியால் ஒரு குத்து. விரித்தால் இரண்டு துளைகள் தெரியும். அவற்றின் இடைவெளிதான் சுற்றளவு. வகுப்பில் பார்வை குறைந்த மாணவி ஒருத்தி இருக்கிறாள். பேனாக் கோடு அவளுக்குத் தெரியாது, ஊசித் துளையை விரலால் தொட்டறிவாள். நாடாவுக்கு நான் மாறியதற்கு அவளும் ஒரு காரணம்.

*கோட்டுப் பலகை.* பெரிய பெட்டியின் பக்கவாட்டு அட்டை, 15 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம். இடது கீழ் மூலை சுழியம். அடிக்கோட்டில் செ.மீ. குறிகள்.

*பதினாறு துண்டு வட்டம்.* 8 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தைச் செய்தித்தாளில் வரைந்து வெட்டி, நான்கு முறை பாதியாக மடித்துப் பிரித்தால் 16 சமக் கோணப்பகுதிகளின் மடிப்புக்கோடுகள் விழும். பாகைமானி தேவையில்லை. அதை அட்டையில் ஒட்டி, கோடுகள் வழியே வெட்டினால் ஒரு தொகுதி தயார். இதையும் ஒன்பது செய்ய வேண்டும். வெட்டும் வேலையை மாலையில் நானே முடித்துவிடுவேன். தடித்த அட்டையைச் சிறு கத்தரிக்கோலால் வெட்டுவதிலேயே பாடவேளை கரைந்துவிடும்.

முதல் பாடவேளை

மேசையில் உயரமான டப்பா. உயரம் 20 செ.மீ., வாயின் விட்டம் 7.5 செ.மீ. "உயரம் அதிகமா, வாயைச் சுற்றிவரும் தூரம் அதிகமா?" என்று கேட்டுக் கை தூக்கச் சொல்வேன். பெரும்பாலோர் உயரம் என்பார்கள். கணக்கைக் கரும்பலகையில் எழுதி வைத்துவிட்டு நாடாவைச் சுற்றுவேன். சுற்றளவு 23.6 செ.மீ. நாடா டப்பாவைவிட உயரமாக நிற்கும். அந்த நேரம் வகுப்பில் எழும் சத்தத்தை அடக்கப் போவதில்லை.

பிறகு குழு வேலை. பொருளைச் சுற்றிய நாடா ஒன்று, அதே பொருளின் விட்ட அளவுக்கு வெட்டிய நாடாக்கள் நான்கு. வகுத்தலோ அளவுகோலோ இன்னும் வேண்டாம். விட்ட நாடாக்களைச் சுற்று நாடாவின்மேல் வரிசையாக அடுக்கச் சொல்வேன். மூன்று முழுதாக அடங்கும், கொஞ்சம் மிஞ்சும். எல்லாக் குழுவிலும் மூன்றும் கொஞ்சமும்தான். பொருள் சிறிதோ பெரிதோ, அது மாறவில்லை என்பதை அவர்கள் வாயாலேயே கேட்க வேண்டும்.

அடுத்த கேள்வி: "அந்தக் கொஞ்சம் எவ்வளவு?" மிஞ்சிய பகுதியின் அளவுக்கு ஒரு துண்டை வெட்டி, அது ஒரு விட்ட நாடாவில் எத்தனை முறை அடங்குகிறது என்று பார்க்க வேண்டும். குறுந்தகட்டில் மிச்சம் சுமார் 1.7 செ.மீ.; ஏழு முறை வைத்தால் 11.9. விட்டம் 12. ஆக மிச்சம் என்பது விட்டத்தின் ஏழில் ஒரு பங்குக்கு மிக அருகில் இருக்கிறது. மூன்றும் ஏழில் ஒன்றும் சேர்ந்தால் 22/7. எங்கிருந்தோ வந்து விழுந்த எண்ணாகவே இதுவரை அது அவர்களுக்கு இருந்தது. இந்த அலகு முழுவதும் எனக்கு மிக முக்கியமான பத்து நிமிடம் இது. நேரம் போதவில்லை என்றால் மற்றதைக் குறைப்பேன், இதைக் குறைக்க மாட்டேன்.

இரண்டாம் பாடவேளை

இப்போது விட்டப் பலகையும் எண்களும். ஒவ்வொரு குழுவும் மூன்று பொருள்களுக்கு விட்டம், சுற்றளவு, வகுத்த விடை மூன்றையும் அட்டவணையில் எழுதும். பிறகு குழுவுக்கு ஒரு சுற்று நாடா பொதுப் பலகைக்கு வரும். விட்டம் 5 செ.மீ. என்றால் அடிக்கோட்டின் 5-ஆம் குறியில் அந்த நாடாவை நெட்டுக்குத்தாக ஒட்ட வேண்டும். ஒன்பதும் ஒட்டியபின், சுழிய மூலையிலிருந்து குறுந்தகட்டு நாடாவின் நுனிவரை ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் மற்ற நுனிகள் அந்த நூலைத் தொடும். தொடாதது எது என்று கேட்பேன். தவறாக அளந்தது யார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை, பலகை காட்டும். அந்தக் குழு மறுபடி அளந்து, ஏன் மாறியது என்று ஒரு வரி எழுதி நாடாவின் அருகே ஒட்டும். பழைய நாடாவைக் கிழிக்க மாட்டோம்.

சிறிய மூடி கிடைத்த குழுக்களுக்குப் பிழை கூடுதலாகத் தெரியும். 3 செ.மீ. மூடியில் 2 மி.மீ. தவறினாலே விடை 3.2 ஆகிவிடும். அவர்களைத் தரையில் மூடியைப் பத்து முழுச் சுற்று உருட்டவிட்டு, தூரத்தைப் பத்தால் வகுக்கச் சொல்வேன். சுமார் 94 செ.மீ. வரும். அதே 2 மி.மீ. பிழை இப்போது பத்துச் சுற்றுக்கும் பங்காகிவிடும். விளிம்பில் வரிகள் உள்ள மூடி வழுக்காமல் உருளும் என்பது ஒரு வசதி.

கடைசி ஐந்து நிமிடம், இந்த எண்ணைத் தேடியவர்களுக்கு. கி.பி. 499-இல் ஆரியபட்டர் சொன்ன வழியை அவர்களே செய்து பார்க்கட்டும்: நூறோடு நாலு, அதை எட்டால் பெருக்கு, அறுபத்திரண்டாயிரம் கூட்டு. 62832. விட்டம் 20000 ஆனால் சுற்று இவ்வளவு. வகுத்தால் 3.1416. இது 'நெருங்கிய' மதிப்பு என்று அவரே சொல்லியிருக்கிறார். சென்ற ஆண்டு அந்த மாணவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். C = πd என்று கரும்பலகையில் எழுதுவது இதற்குப் பிறகே.

மூன்றாம் பாடவேளை

பதினாறு துண்டுகளை வட்டமாக அடுக்கி, கட்டநோட்டுத் தாளின் மேல் வைத்து, எத்தனை சதுரம் மறைகிறது என்று எண்ணச் சொல்வேன். 1 செ.மீ. சதுரங்களில் சுமார் 201 வர வேண்டும். 195 முதல் 207 வரை எது வந்தாலும் ஏற்பேன். பிறகு துண்டுகளை ஒன்று மேல்நோக்கி, ஒன்று கீழ்நோக்கி என மாற்றி அடுக்கினால் அலை விளிம்புள்ள இணைகரம் கிடைக்கும். உயரம் 8, அடிப்பக்கம் பாதிச் சுற்றளவு, அதாவது சுமார் 25.1. பெருக்கினால் அதே 201.

இங்கே ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "அடிப்பக்கம் நேரா இல்லையே மிஸ்?" வராவிட்டால் நானே எழுப்புவேன். எட்டுத் துண்டு அடுக்கையும் பதினாறு துண்டு அடுக்கையும் பக்கத்தில் வைத்து, 32 துண்டானால் விளிம்பு எப்படியிருக்கும் என்று அவர்களையே வரையச் சொல்வேன்.

நான்காம் பாடவேளை: மதிப்பீடு

எழுத்துத் தேர்வாக மூன்று கேள்விகள், கையில் பொருளோடு ஒன்று.

1. ஒரு வட்டத்தைச் சுற்றிய நாடா 44 செ.மீ. விட்டம் என்ன?
2. ஒருவர் டப்பா மூடியை அளந்து 3.5 என்று விடை பெற்றார். எங்கே தவறியிருக்கலாம்? இரண்டு காரணம் எழுதுக.
3. விட்டம் 5 செ.மீ.யிலிருந்து 10 செ.மீ. ஆனால் சுற்றளவு எத்தனை மடங்கு? பரப்பளவு எத்தனை மடங்கு?
4. இதுவரை தொடாத ஒரு பசைநாடா வளையம். விட்டத்தை மட்டும் அளந்து, சுற்றுவதற்குச் சரியான நாடாவை முன்கூட்டியே வெட்டிவை. பிறகு சுற்றிப் பார்.

இரண்டாவது கேள்விக்குத்தான் அதிக மதிப்பெண். மூன்றாவதில் பரப்பும் இரண்டு மடங்கு என்று எழுதுபவர்களை மறுநாள் தனியே அமர்த்தி, 5 செ.மீ., 10 செ.மீ. விட்டமுள்ள இரண்டு மூடிகளைக் கட்டத்தாளில் வரைந்து எண்ணவைப்பேன்.

பாடம் முடிந்தபின்

விட்டப் பலகைகளும் பதினாறு துண்டுத் தொகுதிகளும் ஒரே அட்டைப்பெட்டிக்குள் அடுத்த ஆண்டுக்குப் போகும். ஒவ்வொரு தொகுதியையும் ஒரு பழைய உறையில் போட்டு, மேலே 16 என்று எழுதி வைக்க வேண்டும். ஒரு துண்டு தொலைந்தாலும் அடுக்கு பொய்த்துவிடும். ஒட்டிய கோட்டுப் பலகை ஆண்டு முடியும்வரை வகுப்புச் சுவரில் இருக்கும், பிழையான நாடாக்களோடும் அவற்றின் அருகே எழுதிய வரிகளோடும். அடுத்த வகுப்புக்கு அது போகாது. அவர்கள் வெறும் அட்டையோடு சுழியத்திலிருந்து தொடங்குவார்கள்.