திருகோணமலை மாணவர்கள் தின்பண்டம் வாங்குவது பற்றிய ஆய்வு: தகவல் தாளும் ஒப்புதல் படிவமும்

தம்பி, தங்கைமாருக்கும் பெற்றோருக்கும் வணக்கம். நான் முகாமைத்துவம் படிக்கும் இறுதியாண்டுப் பல்கலைக்கழக மாணவி. ரியூசன் முடிந்ததும் கடையில் எதை வாங்குகிறீர்கள், ஏன் அதை வாங்குகிறீர்கள் என்பதுதான் என் ஆய்வு. ரோல்ஸ், பற்றீஸ், வடை, கடலை, மிக்ஸர், சோடா, ஐஸ்கிரீம் எல்லாமே இதற்குள் வரும். 14 முதல் 20 வயது வரையான மாணவர்களிடம் கேட்கிறேன்.

வினாக்கொத்தை நிரப்ப இருபது நிமிடம் போதும். கையில் எவ்வளவு காசு இருக்கும், யாரோடு கடைக்குப் போவீர்கள், பொதியின் முன்னால் சீனி, உப்பு, கொழுப்புக்குப் போட்டிருக்கும் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளத்தைப் பார்ப்பீர்களா என்றெல்லாம் கேட்டிருக்கிறேன். சரி, பிழை என்று எந்தப் பதிலும் இல்லை. நிறை பார்ப்பதோ படம் எடுப்பதோ கிடையாது. காசு பற்றிய கேள்வி சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம், அதற்குப் பதில் எழுதாமல் விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள், காரணம் கேட்க மாட்டேன்.

இதில் சேர்வதும் சேராததும் உங்கள் விருப்பம். சேராவிட்டால் ரியூசனில் எதுவும் மாறாது. ஆசிரியர் உங்கள் பதிலைப் பார்க்கவே மாட்டார். சேர்ந்தால் பரிசும் இல்லை, ஏனென்றால் பரிசுக்காக யாரும் தலையாட்டுவதை நான் விரும்பவில்லை.

வினாக்கொத்தில் பெயர் எழுத வேண்டாம். ஒப்புதல் படிவத்தைத் தனி உறையில் வைப்பேன், இரண்டையும் இணைக்கும் இலக்கம் எதுவும் இல்லை. அதனால் நிரப்பிய வினாக்கொத்தைப் பெட்டிக்குள் போடும்வரை எந்த நேரமும் விலகலாம், போட்ட பிறகு எது உங்களுடையது என்று எனக்கே தெரியாது, திருப்பித் தர முடியாது. பதில்களை நானும் என் மேற்பார்வையாளரும் மட்டும் பார்ப்போம். என் பரீட்சைப் பெறுபேறு வந்ததும் தாள்கள் அழிக்கப்படும்.

18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவரின் ஒப்புதலும் வேண்டும், பிள்ளையின் ஒப்புதலும் வேண்டும். அம்மா 'ஓம்' என்று கையொப்பமிட்டிருந்தாலும் பிள்ளை 'வேண்டாம்' என்றால் அதோடு முடிந்தது, நான் வற்புறுத்த மாட்டேன். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: என்ன எழுதினாய் என்று பிள்ளையிடம் கேட்காதீர்கள். கேட்பீர்கள் என்று தெரிந்தால் அவர்கள் உண்மையை எழுத மாட்டார்கள். வினாக்கொத்தை முன்கூட்டியே வாசிக்க விரும்பினால் வெற்றுப் பிரதி ஒன்று தருவேன். சனிக்கிழமைகளில் வகுப்பு முடியும்வரை வாசலில் இருப்பேன், எந்தச் சந்தேகத்தையும் நேரில் கேளுங்கள்.

ஒப்புதல்

பங்குபற்றுபவர்: மேலுள்ளதை வாசித்தேன், அல்லது எனக்கு வாசித்துக் காட்டினார்கள். கேட்க நினைத்ததைக் கேட்டு விளங்கிக்கொண்டேன். விரும்பாத கேள்வியை விடலாம், பெட்டியில் போடும்வரை விலகலாம் என்பது தெரியும். யாரும் வற்புறுத்தாமல் என் விருப்பத்தில் சேர்கிறேன். இதை உறுதிசெய்து இந்தத் தாளின் பின்பக்கத்தில் பெயர், வயது, திகதி எழுதிக் கையொப்பமிடுகிறேன்.

பெற்றோர் அல்லது பாதுகாவலர், பிள்ளைக்கு 18 வயது நிரம்பாதிருந்தால் மட்டும்: தகவல் தாளை வாசித்து விளங்கிக்கொண்டேன். என் பிள்ளை விரும்பினால் இந்த ஆய்வில் பங்குபற்றச் சம்மதிக்கிறேன். பிள்ளையின் பதில்கள் எனக்குக் காட்டப்படமாட்டா என்பதை ஏற்று, பிள்ளையின் கையொப்பத்துக்குக் கீழே என் பெயர், உறவுமுறை, திகதி எழுதிக் கையொப்பமிடுகிறேன்.