பொட்டாசியம் ஏறினால்: ஏற்காடு வார்டுக்கான ஒரு பக்க நெறிமுறை

லெக்சரில் எடுத்த குறிப்புகளில் காரணங்களே நான்கு பக்கம் இருந்தன. இரவு டியூட்டியில் அதற்கு நேரமில்லை, செய்ய வேண்டியதை மட்டும் வரிசையாக எழுதியிருக்கிறேன். பெரியவர்களுக்கு மட்டும். பொட்டாசியம் அளவுகள் லிட்டருக்கு மில்லிமோலில், சர்க்கரை டெசிலிட்டருக்கு மில்லிகிராமில்.

1. 5.5க்கு மேல் வந்தால் உடனே இசிஜி. ரத்தம் சேலத்துக்கு இறங்கிப் போய்ச் சேரத் தாமதமானாலோ, குளிரில் கிடந்தாலோ, சிவப்பணு உடைந்தாலோ அளவு பொய்யாக ஏறும், அதனால் புது சாம்பிள் அனுப்புங்கள். ஆனால் இசிஜி மாறியிருந்தால் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கவே கூடாது.

2. கூரான டி அலை, பி அலை மறைவது, கியூஆர்எஸ் அகலமாவது, இதயத்துடிப்பு குறைவது: இதில் எது இருந்தாலும் 10% கால்சியம் குளுக்கோனேட் 30 மில்லி (10 மில்லி ஆம்பூல் மூன்று), நல்ல வெயினில், 10 நிமிடத்தில். 5 முதல் 10 நிமிடம் கழித்து மறுபடி இசிஜி, மாறாவிட்டால் இன்னொரு டோஸ். டிகாக்சின் எடுப்பவருக்கு 30 நிமிடத்தில் மெதுவாக. பைகார்பனேட்டோடு ஒரே லைனில் வேண்டாம். இது இதயத்தைக் காக்கும், பொட்டாசியத்தைக் குறைக்காது, காப்பும் 30 முதல் 60 நிமிடம்தான். இசிஜி சரியானதும் கை கட்டி உட்கார்ந்துவிடாதீர்கள்.

3. 6.5 அல்லது அதற்கு மேல், அல்லது இசிஜி மாற்றம்: ரெகுலர் இன்சுலின் 10 யூனிட், 25% டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லியோடு, 15 நிமிடத்தில் ஐவி. சர்க்கரை 250க்கு மேல் இருந்தால் டெக்ஸ்ட்ரோஸ் வேண்டாம். ஆரம்ப சர்க்கரை 126க்குக் கீழே என்றால் அதற்குப் பிறகு 10% டெக்ஸ்ட்ரோஸ் மணிக்கு 50 மில்லி, 5 மணி நேரம்.

கூடவே சால்பூட்டமால் 10 மில்லிகிராம் நெபுலைசர், அதாவது 2.5 மில்லிகிராம் ரெஸ்பியூல் நான்கு. ஒன்று போட்டால் போதும் என்று விட்டுவிடுகிறோம், அது ஆஸ்துமா டோஸ்.

4. கண்காணிப்பு. சர்க்கரை: தொடங்கும் முன், 15, 30, 60, 90, 120 நிமிடம், அப்புறம் மணிக்கு ஒருமுறை, மொத்தம் 6 மணி நேரம். கிட்னி பழுதானவருக்கு இன்சுலின் உடம்பில் நீடிக்கும், அதிகாலையில் நோயாளி அமைதியாகத் தூங்குகிறார் என்று நினைக்கும்போதுதான் சர்க்கரை விழும். பொட்டாசியம்: 1, 2, 4, 6, 24 மணி நேரத்தில். மானிட்டரைக் கழற்ற வேண்டாம்.

5. உடம்பிலிருந்து வெளியேற்ற: சிறுநீர் போகிறது, உடம்பில் நீர் தேங்கியிருக்கிறது என்றால் ஃபுரோசமைடு 40 முதல் 80 மில்லிகிராம் ஐவி. கால்சியம் பாலிஸ்டைரீன் சல்போனேட் 15 கிராம் வாய்வழி, நாளுக்கு 3 முறை. மலச்சிக்கலோ குடல் அடைப்போ இருந்தால் கூடாது. பைகார்பனேட் கடுமையான அமிலத்தன்மைக்கு மட்டும்.

6. சிறுநீரே இல்லை, அல்லது சிகிச்சைக்குப் பிறகும் 6.5க்குக் குறையவில்லை: டயாலிசிஸ். நம்மிடம் இல்லை, சேலத்துக்குத்தான், அதனால் மூன்றாம் படியிலேயே 108ஐயும் அங்குள்ள டியூட்டி டாக்டரையும் கூப்பிடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கும் நேரத்தில் கால்சியத்தின் காப்பு தீர்ந்துபோகலாம். கூடப் போகும் நர்ஸ் கையில் கால்சியம் ஆம்பூல் மூன்று, டெக்ஸ்ட்ரோஸ், குளுக்கோமீட்டர், டிஃபிப்ரிலேட்டர்.

7. எந்த அளவானாலும் நிறுத்த வேண்டியவை: எனலாப்ரில், டெல்மிசார்டன், ஸ்பைரனோலாக்டோன், டைக்ளோஃபெனாக், கோ-டிரைமாக்சசோல், ஐவியில் போகும் பொட்டாசியம். இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சு வேண்டாம் என்று பார்க்க வருகிறவர்களிடமும் சொல்லுங்கள், பையில் ஆரஞ்சோடுதான் வருவார்கள்.